மேற்கோள் மட்டுமே நிறைந்த விடைக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது பற்றி மேஜர் பானர்மன் சென்னை அரசுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை உள்தேர்வில் கொடுத்து, "கட்டபொம்மனின் கடைசி நேரத்தை அறிய இந்தக் கடிதத்தை எவ்வளவு நம்பலாம்? மதிப்பிடுக" என்று 10 மதிப்பெண்ணுக்குக் கேட்டேன். ஒரு மாணவி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். பாதிக்கு மேல் கடித வரிகளே. தப்பு என்று எதையும் சுட்ட முடியவில்லை, அவளாகச் சொன்னது என்றும் எதுவும் இல்லை. எத்தனை போடுவது, அவளிடம் என்ன சொல்வது? விடையின் நகலை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: 10க்கு 4 போடுங்கள். நகலைப் படித்துப் பார்த்தேன். அதற்கு மேல் போட விடையில் எதுவும் இல்லை, அதற்குக் கீழே போனால் அநியாயம்.

அந்த 4 எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த பகுதியிலிருந்து மூன்று இடங்களை எடுத்திருக்கிறாள். விசாரணை நடந்த நேரம் முழுக்க கட்டபொம்மன் அஞ்சாமலும் இறுமாப்போடும் இருந்தார் என்பது ஒன்று. தூக்குமரத்துக்குப் போகும்போது உறுதியாக நடந்தார், இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியோடு பார்த்தார் என்பது இன்னொன்று. மரத்தடியில், கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தினார், அதைக் காத்து நின்று செத்திருக்கலாம் என்றார் என்பது மூன்றாவது. மூன்றும் கேள்விக்குப் பொருந்துகிற வரிகள்தான். எதை எடுப்பது என்று தெரிந்து எடுத்திருக்கிறாள், பொருளையும் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். அதற்கு மதிப்பெண் உண்டு. நம்மில் சிலர், "பார்த்து எழுதியதுதானே" என்று 1 போட்டு ஒதுக்குவார்கள். பொருத்தமில்லாத வரிகளை அள்ளிப் போட்ட விடைக்கும் இதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

மீதி 6 ஏன் இல்லை என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. மேற்கோள்களை ஒரு தாளால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். அவள் விடையில் இப்படித்தான் மிஞ்சுகிறது: "கட்டபொம்மன் அஞ்சாமல் இருந்ததாக பானர்மன் கூறுகிறார். இதிலிருந்து கட்டபொம்மன் அஞ்சாதவர் என்பது தெரிகிறது. எனவே இக்கடிதம் மிகவும் நம்பகமானது." இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறது. மூன்றாவதில் வரும் "எனவே"க்குப் பின்னால் காரணம் என்று ஒன்றுமே இல்லை. கடிதம் சொல்வதால் அது உண்மை, உண்மையாக இருப்பதால் கடிதத்தை நம்பலாம் என்று வட்டம் சுற்றுகிறது. நீங்கள் கேட்டது கடிதம் என்ன சொல்கிறது என்பதை அல்ல. சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதை. அந்தக் கேள்விக்குள் அவள் இன்னும் நுழையவே இல்லை.

திருத்தும்போது இரண்டு போலிகளிடமும் ஏமாந்துவிடாதீர்கள். மேற்கோளை எடுத்துவிட்டு அதையே சொந்த நடையில் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும், ஆனால் அதுவும் இதே 4தான். இன்னொன்று, "பானர்மன் ஆங்கிலேயர், எனவே இது ஒருதலைப்பட்சமானது" என்ற வாக்கியம். இதைக் கண்டதும் நம் கை தானாக 2 மதிப்பெண்ணைக் கூட்டும். ஆனால் 1799இல் ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுதிய எந்தக் கடிதத்துக்கும் அந்த வாக்கியம் பொருந்தும். போதாக்குறைக்கு இந்தக் கடிதத்தில் அது சறுக்கவும் செய்கிறது. ஒருதலைப்பட்சமானவர், தான் தூக்கிலிட்ட எதிரியின் துணிச்சலை எதற்காகப் பதிவு செய்ய வேண்டும்? இதற்குப் பதில் சொல்லாத "ஒருதலைப்பட்சம்" வெறும் முத்திரைதான்.

இந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தால் மேலே போயிருப்பாள்? மூன்றாவது மேற்கோளை எடுத்துக்கொள்வோம், அவள் எடுத்ததிலேயே சரக்குள்ளது அதுதான். கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறில். கடிதம் மறுநாள், 17ஆம் தேதி எழுதப்பட்டது. விசாரணை நடத்தியவரே எழுதியது என்பதால், விசாரணையில் கட்டபொம்மன் எப்படி இருந்தார் என்பது கண்ணால் கண்ட சாட்சி, அதுவும் ஒரே நாள் பழசு. ஆனால் மரத்தடியில் சொன்னதாக வரும் சொற்கள் அப்படி அல்ல. அவை தமக்குச் சொல்லப்பட்டவை என்று பானர்மனே எழுதுகிறார். சொன்னது யார் என்று எழுதவில்லை. கட்டபொம்மன் ஆங்கிலத்தில் பேசியிருக்கப் போவதும் இல்லை. ஆக, யாரோ கேட்டு, ஆங்கிலமாகி, பானர்மன் கைக்கு வந்த சொற்கள் அவை. ஒரே கடிதத்துக்குள் நம்பகத்தன்மை இரண்டு தரத்தில் இருக்கிறது. மாணவி மூன்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே "எனவே" போட்டிருக்கிறாள். இந்த வேறுபாட்டை மட்டும் கண்டு சொல்லியிருந்தால் 6 அல்லது 7 போட்டிருப்பேன்.

அதற்கு மேலே போக, எழுதியவரின் நோக்கத்தைத் தொட வேண்டும். எதிரியின் துணிவை ஒப்புக்கொள்வதில் பானர்மனுக்கு லாபம் இல்லை, ஆகவே அந்தப் பகுதியை நம்பலாம் என்று ஒருத்தி வாதிடலாம். இன்னொருத்தி, இறுமாப்போடு நின்றவன், வருந்தாதவன் என்று காட்டினால்தானே தூக்கிலிட்டது சரி என்று சென்னைக்குப் படும், ஆகவே லாபம் உண்டு என்று மறுக்கலாம். இரண்டும் கடிதத்தில் வேர் உள்ள வாதங்கள். எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, நிற்க என்ன காரணம் காட்டுகிறாள் என்பதற்குத்தான். கூடியிருந்த பாளையக்காரர்கள் கண்ணெதிரே நடந்த தண்டனை அது, மற்றவர்களுக்குப் பாடமாக இருக்க வேண்டும் என்று நடத்தியது. அங்கே எட்டயபுரம், சிவகிரி பாளையக்காரர்களை அவர் இகழ்ச்சியோடு பார்த்தார் என்று பானர்மன் எழுதியது ஏன் என்று யோசித்து இரண்டு வரி எழுதினாலும் 8ஐத் தாண்டிவிடுவாள். எட்டயபுரத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த இடத்தில் பேச்சு சூடாகும். ஆகட்டும், விடைத்தாளில் மட்டும் கடிதத்துக்குள் நிற்கச் சொல்லுங்கள்.

வெளித் தகவலைக் கொண்டுவந்து ஒப்பிட்டால் அதற்கும் இடம் உண்டு. 1799 செப்டம்பர் தொடக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் மீது பானர்மன் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. அதற்குப் பிறகுதான் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார், புதுக்கோட்டைப் பக்கம் பிடிபட்டார். கோட்டையை விட்டதற்கு வருந்தினார் என்ற செய்தி இந்த நிகழ்ச்சிகளோடு ஒத்துப்போகிறது. சொற்கள் அட்சரம் பிசகாமல் அவருடையவையா என்பது வேறு, அப்படி ஒரு வருத்தம் இருந்திருக்கக்கூடும் என்பது வேறு. ஆனால் பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். கடைசியில் தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டார் என்று கடிதத்தில் வருகிறது அல்லவா? உடனே 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதைக் கொண்டுவந்து, "எனவே கடிதம் உண்மை" என்பார்கள். பின்னால் நடந்த ஒன்று, 1799இல் அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. சினிமா வசனமும் சான்றாகாது. நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, அவளிடம் பேசுவது. தாளின் ஓரத்தில் "ஆய்வு இல்லை" என்று சிவப்பில் எழுதிக் கொடுக்காதீர்கள். எது ஆய்வு என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பாளே. பள்ளியில், புத்தகத்தில் உள்ள வரி அப்படியே விடையில் இருந்தால் முழு மதிப்பெண் என்றுதான் பழகியிருப்பாள். அவளைப் பொறுத்தவரை மேற்கோள்தான் விடை. ஆகவே சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்று வரிகளையும் நன்றாகத் தேர்ந்திருக்கிறாய் என்று முதலில் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பிறகு மூன்றாவது மேற்கோளை மட்டும் காட்டி, "இதை பானர்மன் தானே கேட்டாரா?" என்று கேளுங்கள். கடிதத்தைத் திரும்பப் பார்ப்பாள், இல்லை என்பாள். "அப்போ முதல் மேற்கோளும் இதுவும் ஒன்றா?" என்று கேளுங்கள். அவள் வாயால் என்ன சொல்கிறாளோ அதுதான் எழுதாமல் விட்ட வாக்கியம். அதை அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ஒரு பத்தியை மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள், முழு விடையையும் வேண்டாம். ஒரு கட்டுப்பாடு: கடிதத்திலிருந்து நாலைந்து சொல்லுக்கு மேல் மேற்கோள் கூடாது, ஒவ்வொரு மேற்கோளுக்குப் பின்னாலும் "ஏனென்றால்" என்று தொடங்கும் ஒரு வாக்கியமாவது வர வேண்டும். ஏறக்குறைய இப்படி வரும்:

"கோட்டையைக் காத்து நின்று செத்திருக்கலாம் என்று கட்டபொம்மன் சொன்னதாக வரும் பகுதியை, விசாரணையைப் பற்றிய பகுதி அளவுக்கு நம்ப முடியாது. ஏனென்றால் இது பானர்மன் நேரில் கேட்டதல்ல, பிறர் சொன்னது. ஆனாலும் முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஏனென்றால் இந்தச் செய்தி கட்டபொம்மனின் மதிப்பைக் கூட்டுகிறது. அதைப் புனைந்து சென்னைக்கு எழுத பானர்மனுக்குத் தேவை இருந்ததாகத் தெரியவில்லை."

இந்தப் பத்தியில் மேற்கோளே இல்லை, சாரம்தான் ஒரு வரியில் வருகிறது. ஆனால் தாளால் மறைக்க முடியாத வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன. இதை முன்மாதிரியாக அவளிடம் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள், அடுத்த தேர்வில் இதையே மேற்கோள் காட்டுவாள். அவள் எழுதிக் கொண்டுவந்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மறுபடி எழுதியதற்காகப் பழைய 4ஐ மாற்ற வேண்டாம், மற்ற பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அடுத்த உள்தேர்வுக்கு முன் விடைக்குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டிவிடுங்கள்: பொருத்தமான பகுதியைக் கண்டு புரிந்துகொண்டதற்கு 4 வரை, அதை ஏன் நம்பலாம், ஏன் கூடாது என்று கடிதத்திலிருந்தே காரணம் காட்டினால் 7 வரை, எழுதியவரின் நோக்கத்தையும் வெளித் தகவலையும் வைத்து எடைபோட்டால் 10 வரை. ஒரு வினாவில் "மதிப்பிடுக" என்று கேட்டால்தான் இந்த அளவுகோல் செல்லும். "கடிதம் கூறுவதை எடுத்து எழுதுக" என்று கேட்டிருந்தால் இந்த மாணவிக்கு 9 போட வேண்டியிருந்திருக்கும். வினாத்தாள் தயாரிக்கும்போது அந்த ஒரு சொல்லை நன்றாகப் பார்த்துப் போடுங்கள்.