வீடியோவைச் சுருக்குவது: ஹேண்ட்பிரேக் கேள்வி பதில்

ஆசிரியை: அறிவியல் பாட வீடியோ ஒன்றை டவுன்லோட் செய்தேன். 6 நிமிடம், 1080p, 110 எம்பி. 16 எம்பிக்குள் இருந்தால்தான் பெற்றோர் குழுவில் எல்லாருக்கும் சிக்கல் இல்லாமல் இறங்குகிறது. என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

பதில்: குறிப்பிட்ட எம்பிக்குள் அடக்க வேண்டுமென்றால் முதல் வேலை பிட்ரேட் கணக்கு, அதாவது ஒரு விநாடி வீடியோவுக்கு எத்தனை கிலோபிட் என்பது. இத்தனை எம்பி வேண்டும் என்று எழுதிக் கொடுக்க, வீடியோவைச் சுருக்கும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் இப்போது பெட்டி கிடையாது. நாமேதான் கணக்குப் போட வேண்டும். எம்பியை 8000-ஆல் பெருக்கி, வீடியோவின் நீளத்தை விநாடியாக்கி வகுத்தால் மொத்த பிட்ரேட் கிடைக்கும். அதில் ஒலிக்கு உரிய 64-ஐக் கழிக்க வேண்டும்.

```
16 × 8000 ÷ 360 = 355
355 − 64 = 291
```

ஃபைலின் கட்டமைப்புக்கும் கொஞ்சம் இடம் தேவை. அதனால் 285 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைலைத் திறந்து, பிரிசெட்டில் Fast 720p30 தேர்ந்தெடுங்கள். Video பகுதியில் Constant Quality-ஐ விட்டு Avg Bitrate-க்கு மாறி 285 என்று எழுதுங்கள். Multi-Pass Encoding-ஐ டிக் செய்யுங்கள். பழைய பதிப்புகளில் இதன் பெயர் 2-Pass Encoding. முதல் சுற்றில் எந்தக் காட்சி கடினம், எது எளிது என்று பார்த்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் பிட்டுகளைப் பங்கிட்டுக் கொடுக்கும். குறைந்த பிட்ரேட்டில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து Dimensions. Resolution Limit-இல் Custom தேர்ந்து 640, 360 என்று கொடுங்கள். 285 கேபிபிஎஸ்ஸை 1080p-க்குக் கொடுத்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைப்பது மிகவும் சொற்பம். படம் கட்டம் கட்டமாக உடைந்து, கரும்பலகை எழுத்தெல்லாம் மெழுகிவிடும். 360-இல் சிறிதாக இருந்தாலும் தெளிவாக இருக்கும். போன் திரைக்கு அது போதும். பாடத்தில் பொடி எழுத்து அதிகம் என்றால் மட்டும் இரண்டு பாகமாக வெட்டி, பாகத்துக்கு 16 எம்பி கொடுத்து, ரெசல்யூஷனைக் கூட்டுங்கள்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது ஒலியில்தான். அந்தப் பிரிசெட் ஒலிக்கு 160 கேபிபிஎஸ் ஒதுக்குகிறது. ஆறு நிமிடத்துக்கு அதுவே 7.2 எம்பி, உங்கள் இடத்தில் கிட்டத்தட்டப் பாதி! Audio பகுதியில் Bitrate-ஐ 64 ஆக்கி, Mixdown-இல் Mono வையுங்கள். ஒருவர் பேசும் பாடத்துக்கு இதில் ஒரு குறையும் தெரியாது.

முடிந்ததும் சுமார் 15.7 எம்பி வரும். விண்டோஸ் 15 எம்பி என்று காட்டும். அதன் எம்பி கொஞ்சம் பெரியது, பயப்பட வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அல்ல, டாக்குமென்ட்டாக இணையுங்கள். வீடியோவாக அனுப்பினால் செயலி தன் பங்குக்கு மறுபடி சுருக்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை வீணாகிவிடும்.

மழைக்காகம்: இத்தனை கணக்கு எதற்கு? H.265 கோடெக் போட்டால் சைஸ் தானாகப் பாதியாகிவிடுமே.

பதில்: பாதி சரி. ஒரே தரத்தை வைத்து ஒப்பிட்டால் H.265-க்குக் குறைவான பிட்ரேட் போதும். ஆனால் Avg Bitrate-இல் 285 என்று நாமே எழுதிவிட்ட பிறகு கோடெக்கை மாற்றினாலும் சைஸ் மாறாது. அதே 16 எம்பிக்குள் படம் கொஞ்சம் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். நேரமும் பல மடங்கு ஆகும்.

பழையபோன்: அந்த H.265 என் போனில் படம் திக்கித் திக்கி ஓடுகிறது, ஒலி மட்டும் போகிறது. போனை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தச் சிப்பில் H.265-ஐப் பிரிக்கும் வன்பொருள் இல்லாததால் எல்லாச் சுமையும் பிராசசர்மேல் விழுகிறது. போன் சூடாகும், பேட்டரியும் இறங்கும். அசல் ஃபைலை எடுத்து H.264 (x264)-இல் மறுபடி செய்யுங்கள். சுருக்கிய ஃபைலிலிருந்து செய்யாதீர்கள்.

மழைக்காகம்: ஒரு பழைய போனுக்காக எல்லாரும் பழைய கோடெக்கில் இருக்க வேண்டுமா? இன்று பெரும்பாலான போன்களில் ஓடுகிறதே.

பதில்: உங்கள் சொந்தப் போனுக்கு என்றால் H.265-தான் நல்லது, நானும் அதையே சொல்வேன். ஆசிரியை அனுப்புவதோ ஒரு குழு முழுவதற்கும். யார் கையில் எந்தப் போன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பெற்றோருக்கு ஓடாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் போய்விடும்.

மழைக்காகம்: அந்த ஒருவருக்காக மற்ற அத்தனை பேரும் மங்கலான படம் பார்க்க வேண்டுமா? எனக்கு ஒப்பவில்லை.

பதில்: சரி, இதில் நாம் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. ஆசிரியை ஒரு நிமிடத் துண்டை இரண்டு விதமாகவும் அனுப்பிப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கடலோடி: சுருக்கப் போனால் ஃபைல் பெரிதாகிவிட்டது! 90 நிமிடப் படம், 700 எம்பி. RF 18 வைத்தேன், 1.6 ஜிபி வந்தது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. உங்கள் படத்தின் பிட்ரேட்டைப் பாருங்கள்: 700 × 8000 ÷ 5400, சுமார் 1037. வலையிலிருந்து இறக்கியது ஏற்கெனவே நன்றாகப் பிழியப்பட்ட ஃபைல். Constant Quality-இல் வைக்கும் RF என்பது சைஸ் அல்ல, தரத்தின் அளவு. எண் குறையக் குறையத் தரமும் சைஸும் ஏறும். RF 18 என்றால் கண்முன் இருப்பதை அப்படியே காப்பாற்று என்று பொருள். பழைய சுருக்கத்தில் விழுந்த கறைகளையும் அது விவரமாக நினைத்துப் பிட்டுகளைச் செலவழித்துக் காப்பாற்றும். இறக்கிய ஃபைல் VP9 அல்லது AV1 கோடெக்கில் இருந்து, நீங்கள் x264-க்கு மாற்றினால் இன்னும் வீங்கும்.

இடம் மிச்சமாக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 720p-க்கு இறக்கி RF 24 வையுங்கள். முழுப் படத்தையும் ஓட்டாதீர்கள். Range-இல் Seconds தேர்ந்து ஒரு நிமிடம் மட்டும் செய்து பாருங்கள். அமைதியான காட்சியில் ஒன்று, சண்டையோ மழையோ உள்ள காட்சியில் ஒன்று. இரண்டின் சைஸும் வெகுவாக வேறுபடும். அதனால்தான் எம்பி வரம்பு இருக்கும் இடத்தில் RF-ஐ நம்ப முடியாது. போன் நினைவகத்துக்கு RF, அனுப்பும் வரம்புக்கு Avg Bitrate.

அமைதியான காட்சியின் ஒரு நிமிடத் துண்டே 8 எம்பிக்குமேல் வந்தால் 700 எம்பிக்குக் கீழே இறங்கப்போவதில்லை. அசலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

தும்பி: என் வீடியோ 10 நிமிடம், 16 எம்பி வேண்டும். எத்தனை வைக்க?

பதில்: முதல் பதிலில் 360-க்குப் பதில் 600 போடுங்கள். ஒலி போகப் படத்துக்கு 149 மிஞ்சும். அது ஆளே அடையாளம் தெரியாத படம். இரண்டாக வெட்டுங்கள்.

நடைவண்டி: 16 எம்பிக்கு எத்தனை பிட்ரேட்?

பதில்: நீளம் சொல்லாமல் விடை இல்லை. கணக்கு மேலே இருக்கிறது, படியுங்கள்.

பனங்கிழங்கு: தரம் குறையாமல் வெறுமனே வெட்ட மட்டும் ஹேண்ட்பிரேக் உதவுமா?

பதில்: உதவாது. வீடியோவை அது எப்போதும் மறுபடி என்கோட் செய்யும். வெட்ட LosslessCut பயன்படுத்துங்கள்.

குயில்: கச்சேரிப் பதிவுக்கும் ஒலி 64 மோனோ போதுமா?

பதில்: பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னேன். பாட்டென்றால் ஸ்டீரியோ 128 கொடுத்து, படத்திலிருந்து கழியுங்கள். மேடையில் ஆட்கள் அதிகம் அசையாததால் படம் அந்தக் குறைவைத் தாங்கும்.

மழைக்காகம்: 96 போதும். 128 வீண்.

பதில்: தம்புரா ஒலிக்கும் இடத்தை ஹெட்போனில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தும்பி: வெட்டி அனுப்பிவிட்டேன். இடம் வேண்டும், அசலை அழித்துவிடலாமா?

பதில்: சுருக்கிய இரண்டு பாகத்தையும் போனில் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்தீர்களா? ஒலியும் உதடும் பிந்தாமல் போனால் அழியுங்கள். பிந்தினால் Video பகுதியில் Constant Framerate வைத்து, அசலிலிருந்து மறுபடி செய்து பாருங்கள்.