வாட் காலத்துக் கணக்காளருக்கு ஜி.எஸ்.டி. காலத்தில் வேலை

"பி.காம். முடித்து 7 வருடம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்தேன். டேலி, வாட் ரிட்டர்ன் எல்லாம் என் பொறுப்புதான். 2013-ல் குழந்தைக்காக நின்றேன். இப்போது வேலை தேடினால் எல்லோரும் ஜி.எஸ்.டி. தெரியுமா என்கிறார்கள். இன்டர்வியூவுக்குப் போகவே பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?" - வாசகி, ஈரோடு

பற்று வரவு மாறவில்லை, பேங்க் ரிகன்சிலியேஷன் மாறவில்லை. அதனால் ஆயிரக்கணக்கில் கட்டி முழு கோர்ஸ் சேர அவசரப்படாதீர்கள். கணக்காளரின் மாத வேலையில் பெரிதாக மாறியது ஒரு இடம்தான், அதை மட்டும் முதலில் பிடியுங்கள். வாட் காலத்தில் கொள்முதல் பட்டியலை நாமே நிரப்பி, சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்து வரி வரவு எடுத்தோம், இல்லையா? இப்போது சரக்கு விற்றவர் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-ல் நம் பில்லை ஏற்றினால்தான் அது நம்முடைய வரவுப் பட்டியலான GSTR-2B-யில் வரும், அதில் வந்தால்தான் வரவு.

ஒரு லட்ச ரூபாய்க்குச் சரக்கு, 18 சதவீதம் வரி, அதாவது 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், 14-ம் தேதி உங்களுக்கு 2B வரும், 20-ம் தேதிக்குள் நீங்கள் மாத ரிட்டர்னான GSTR-3B போட்டு வரி கட்ட வேண்டும். அவர் ஏற்றாமல் விட்டால், பில் கையில் இருந்தாலும் அந்த 18,000-ஐ இந்த மாதம் கழிக்க முடியாது, முதலாளி கையிலிருந்துதான் போகும். ஆக 14-க்கும் 20-க்கும் நடுவில் டேலியின் கொள்முதல் பதிவையும் 2B-யையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த பில் காணோம் என்று பார்த்து, விற்றவருக்கு போன் போட்டுக் கேட்கிற ஆள்தான் கடைக்காரர்களுக்குத் தேவை. பில் வராததற்கு எப்போதும் சோம்பல் காரணமில்லை, நம் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கும், அல்லது அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிறவராக இருப்பார். சில சமயம் பில் வந்திருக்கும், ஆனால் பில் எண்ணை நாம் 45 என்று பதிந்ததை அவர் 045 என்று ஏற்றியிருப்பார், எக்செல் அதைக் காணோம் என்று காட்டும். இது கண் பார்த்துப் பழக வேண்டிய வேலை, உங்களுக்கு அந்தக் கண் ஏற்கெனவே இருக்கிறது.

பழகுவதற்கு டேலி பிரைமை இறக்கி எஜுகேஷனல் மோடில் திறவுங்கள், காசு வேண்டாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில்தான் என்ட்ரி போட முடியும், பரவாயில்லை, பழக அது போதும். தெரிந்தவர் கடையின் ஒரு மாத பில்களையும் 2B எக்செலையும் கேட்டு வாங்கி, முழுசாக ஒத்துப் பாருங்கள்.

அப்புறம் முதல் வேலைக்குப் பெரிய கம்பெனியை விட்டுவிட்டு உள்ளூர் ஆடிட்டர் அலுவலகங்களில் கேளுங்கள். 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் அங்கே கை போதாது, பகுதி நேரமாகவே எடுப்பார்கள், பல கடைக் கணக்கும் கைக்கு வரும். பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்க வேண்டாம், "2013 முதல் குடும்பப் பொறுப்பு" என்று ஒரு வரி போதும். ஜி.எஸ்.டி. தெரியுமா என்றால், நீங்கள் ஒத்துப் பார்த்த அந்த மாதத்தில் எத்தனை பில் விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று சொல்லுங்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பேசலாம் என்பதை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.