மதிப்பீட்டுத் தாளையும் பொலிசியையும் வரிக்கு வரி வைத்துப் பாருங்கள்

கேள்வி: "அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒபரேஷனுக்குச் சுமார் மூன்று லட்சம் வரும் என்று வாயால்தான் சொன்னார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் ஐந்து லட்சத்துக்குக் காப்புறுதி இருக்கிறது. போதும்தானே? எழுத்தில் வேறு கேட்க வேண்டுமா? நாங்கள் திருகோணமலையில் இருக்கிறோம்."

பதில்:

எழுத்தில் கட்டாயம் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் பொலிசியில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பனிகள் எடுத்துக்கொடுக்கும் குழுக் காப்புறுதியில் பெரும்பாலும் மனைவியும் பிள்ளைகளும்தான் வருவார்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பெற்றோரைச் சேர்க்கும் இடங்களும் உண்டு, சேர்க்காத இடங்களும் உண்டு. எச்.ஆரில் இருப்பவர் "ஃபமிலி கவர் இருக்குத்தானே" என்று சொன்னால் அதோடு விடாமல், பெயர்ப் பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கல் இருப்பது எந்த மாதம் ஸ்கேனில் தெரிந்தது, அவரைப் பொலிசியில் சேர்த்தது எந்த மாதம் என்பதையும் குறித்து வையுங்கள். சேர்வதற்கு முன்பே இருந்த நோய்க்கும், சில குறிப்பிட்ட ஒபரேஷன்களுக்கும் காத்திருப்புக் காலம் வைத்த பொலிசிகள் இருக்கின்றன. பித்தப்பைக் கல் அந்தப் பட்டியலில் அடிக்கடி வரும்.

இனி எங்கள் கதையைச் சொல்கிறேன். என் மனைவிக்கும் இதே பித்தப்பைக் கல்தான், வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுத்தோம். முதலில் போனில் கேட்டபோது "இரண்டரை லட்சத்துக்குள் முடியும்" என்றார்கள். என்னுடைய காப்புறுதியும் வருடத்துக்கு ஐந்து லட்சம். பாதிதானே போகும் என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சான் நேரில் போய் எழுத்தில் கேட்டார். வந்த தாளில் 390,000 ரூபா என்று இருந்தது.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. போனில் சொன்னது ஆஸ்பத்திரிக்குச் சேரும் பணம் மட்டும். சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணமும், மயக்கமருந்து டொக்டரின் கட்டணமும் அதில் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டர்மார் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவர்கள், அவர்களுடைய பணம் பில்லில் தனி வரியாக வரும். "டொக்டர் ஃபீஸ் சேர்த்தா?" என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொன்ன மூன்று லட்சத்திலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் தாளில் இருந்த வரிகள் இவை: இரண்டு இரவுக்கு ரூம், ஒரு நாள் 18,000 வீதம் 36,000. தியேட்டரும் லப்பரஸ்கோப்பிக் கருவியும் 95,000. சத்திரசிகிச்சை நிபுணர் 110,000. மயக்கமருந்து டொக்டர் 35,000. மருந்தும், பாவித்து எறியும் பொருட்களும் 75,000. இரத்தப் பரிசோதனைகளும், எடுத்த பித்தப்பையை ஆய்வுக்கு அனுப்பும் செலவும் 22,000. தாதிப் பராமரிப்பும் மற்றவையும் 17,000.

இதைப் பார்த்ததும் நானும் நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். ஐந்து லட்சத்தில் மகனுக்கு டெங்கு வந்தபோது 68,000 போயிருந்தது, மீதி 432,000. பில் 390,000. போதும் என்று நினைத்துவிட்டேன். இரவு சாப்பிட்ட பிறகு பொலிசியின் கடைசியில் இருந்த நன்மைகள் அட்டவணையை எடுத்து, மதிப்பீட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

எங்கள் பொலிசியில் ரூமுக்கு நாளொன்றுக்கு 12,000தான். ஆஸ்பத்திரி போட்டது 18,000. இரண்டு இரவில் 12,000 எங்கள் கையிலிருந்து. டொக்டர்மாரின் கட்டணம் எல்லாம் சேர்த்து 120,000 வரைதான். தாளில் 145,000 இருந்தது, அங்கே 25,000 கையிலிருந்து. பாவித்து எறியும் பொருட்களில் கையுறை, முகக்கவசம் போன்ற சிலவற்றை மருத்துவச் செலவாக எடுக்க மாட்டோம் என்று காப்புறுதிக்காரர் சொன்னார்கள். அது ஏறத்தாழ 9,000. ஆக 390,000 பில்லில் 46,000 எங்கள் பொறுப்பு, 344,000 அவர்களுடையது.

அதோடு முடியவில்லை. வருட எல்லையைத் தவிர, ஒரு முறை ஆஸ்பத்திரியில் தங்குவதற்கு 350,000 என்று இன்னொரு எல்லை அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. 344,000 அதற்குள் இருக்கிறது, ஆனால் 6,000 ரூபா இடைவெளிதான். இன்னும் ஒரு இரவு தங்க நேர்ந்தால் என்னவாகும் என்று கணக்குப் போட்டேன். ரூம் 18,000, மருந்துக்கு 15,000 என்று வைத்தால் பில் 423,000. காப்புறுதி 350,000இல் நின்றுவிடும். எங்கள் பங்கு 46,000இலிருந்து 73,000க்கு ஏறும். வருடக் கணக்கில் 82,000 மீதியாக இருக்கும், ஆனால் அதைத் தொட முடியாது.

இந்தக் கணக்கை ஒபரேஷனுக்கு முன் போட்டதால் ஒன்றைச் செய்ய முடிந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பவும் பேசி, 11,500 ரூபா ரூம் கேட்டோம். ஜன்னல் இல்லாத சின்ன ரூம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. ரூம் வரி 23,000 ஆனது, முழு மதிப்பீடு 377,000க்கு இறங்கியது, எங்கள் பங்கு 34,000 ஆனது. சில ஆஸ்பத்திரிகளில் ரூம் வகையைப் பொறுத்து தியேட்டர், தாதிக் கட்டணங்களும் மாறும். ஆகையால் ரூமை மாற்றினால் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எழுதித் தர விடாமல், முழுத் தாளையும் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

தாளை யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரிசப்ஷனில் கேட்டால் சுமாரான தொகைதான் கிடைக்கும். அம்மாவைச் சனல் பண்ணிப் பார்த்த நிபுணரிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்குங்கள். என்ன ஒபரேஷன், லப்பரஸ்கோப்பியா திறந்த முறையா, எத்தனை இரவு என்பது அதில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்போடு அட்மிஷன் அல்லது பில்லிங் பிரிவுக்குப் போனால்தான் அவர்களால் சரியாகப் போட முடியும். ஒவ்வொரு வரிக்கும் தனித் தொகை, டொக்டர்மார் கட்டணம், அரசாங்க வரி சேர்ந்ததா இல்லையா, எத்தனை நாளைக்கு இந்த விலை செல்லும், ஆஸ்பத்திரியின் முத்திரை, திகதி எல்லாம் தாளில் இருக்கிறதா பாருங்கள். மச்சானிடம் முதல் தடவை கொடுத்த தாளில் திகதியும் இல்லை, முத்திரையும் இல்லை. காப்புறுதிக்காரர் அதை ஏற்கவில்லை, மச்சான் இன்னொரு நாள் லீவு போட்டுப் போக வேண்டியதாயிற்று.

பித்தப்பை விஷயத்தில் இன்னும் இரண்டு கேள்விகளை நிபுணரிடமே கேளுங்கள். லப்பரஸ்கோப்பியில் தொடங்கி, உள்ளே ஒட்டிப்போயிருந்தாலோ இரத்தக்கசிவு வந்தாலோ திறந்த முறைக்கு மாற்ற நேரலாம். அப்படி மாறினால் தங்கும் நாள் கூடும், மருந்தும் கூடும். அந்த நிலைக்கும் ஒரு மதிப்பீடு தரச் சொல்லி பில்லிங் பிரிவில் கேட்டால் தருவார்கள். நாங்கள் கேட்டோம், தந்தார்கள். இரண்டாவது, கல் பித்தப்பைக்குள் மட்டுமா, பித்தக் குழாயிலும் இறங்கியிருக்கிறதா என்பது. ஈரல் இரத்தப் பரிசோதனையில் பிலிருபின் கூடியிருந்தாலோ, ஸ்கேனில் குழாய் விரிந்திருந்தாலோ எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும், வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி.யும் தேவைப்படலாம். அவை தனிச் செயல்முறை, தனிப் பில். உங்கள் மூன்று லட்சத்தில் அவை நிச்சயமாக இருக்காது.

தாள் கையில் வந்ததும், நிபுணரின் குறிப்பு, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி காப்புறுதிக் கம்பனிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்டுக்கு அனுப்பினால் போதாது, கம்பனியின் பதில் எழுத்தில் வேண்டும். நான் கேட்டது மூன்றே விஷயம். இந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா? இன்றைய திகதியில் மீதி எவ்வளவு? இந்தத் தாளில் எந்தெந்த வரியில் எவ்வளவு தருவீர்கள்? மூன்றாவதற்கு முதலில் "பொலிசி நிபந்தனைகளின்படி" என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் தொகை கேட்டேன். இரண்டு வேலைநாளில் அனுப்பினார்கள்.

காசு கட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் வசதி உங்கள் பொலிசியில் இருந்தால், அட்மிட் ஆகும் முன் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓர் உத்தரவாதக் கடிதம் அனுப்புவார்கள். அதில் உள்ள தொகையைப் பாருங்கள். மதிப்பீட்டைவிடக் குறைவாக இருந்தால், மிச்சத்தை முற்பணமாகக் கட்டச் சொல்வார்கள். முதல் அனுமதி கடைசி அனுமதி அல்ல. வீட்டுக்குப் போகும் நாளில் இறுதிப் பில்லை மறுபடி அனுப்பி அனுமதி எடுப்பார்கள். எங்களுக்கு டொக்டர் காலை பத்து மணிக்குப் போகலாம் என்றார், அனுமதி வந்தபோது பின்னேரம் நாலு மணி. அன்றிரவு திருகோணமலைக்கு பஸ்ஸில் வரும் யோசனையை விட்டுவிட்டு மச்சான் வீட்டில் தங்கினோம். ஒபரேஷன் முடிந்த உடம்போடு அவசரப்பட்டு அந்த நீண்ட பாதையில் வந்திருக்கவும் கூடாது. தங்குவது, போய்வருவது எதுவும் பொலிசியில் வராது, அதையும் தனியாக எடுத்து வையுங்கள். இறுதிப் பில் 381,500. கூடிய 4,500 ஓர் அன்டிபயோட்டிக்கும் ஒரு பரிசோதனையும். அதையும் சேர்த்தால் காப்புறுதியின் பங்கு 347,500, எல்லைக்குள்தான். ஆகவே நாங்கள் கட்டியது அந்த 34,000தான்.

இதெல்லாம் நாள் குறித்துச் செய்யும் ஒபரேஷனுக்குச் சொன்னது. அம்மாவுக்குக் காய்ச்சலோடு வலி வந்தாலோ, கண் மஞ்சளானாலோ மதிப்பீடு எதற்கும் காத்திருக்காமல் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் பெயர் பட்டியலில் இருந்து, வரிவரியான தாளும் வந்துவிட்டால், உங்கள் பொலிசியின் ரூம் எல்லை, டொக்டர் கட்டண எல்லை, ஒருமுறை தங்கும் எல்லை மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.