பத்தி பதினான்கைப் பிரித்தோம்: தாமான் சங்கச் சட்டவிதிகள் பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்துக்கு நெடுங்காலம் செயலாளராக இருந்தேன். அதற்கு முன்பு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி வேலை. சங்கத்தின் பழைய சட்டவிதிகளை எண் போட்ட பிரிவுகளாகத் திருத்தி எழுதியதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் சங்கச் சட்டவிதி நாலு பக்கம், டைப்ரைட்டரில் அடித்தது. எண் இருக்கிறது, ஆனால் ஒரே பத்தியில் பத்து விஷயம் கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? (ஜெலுத்தோங்)

எங்களுடையதில் 31 பத்திகள் இருந்தன, தம்பி. அதில் 14-ஆவது பத்தியை மட்டும் சொல்கிறேன், மீதி தானாகப் புரியும். அது இப்படி ஓடியது: உறுப்பினர் ஆண்டுக்கு 24 ரிங்கிட் சந்தா கட்ட வேண்டும், கட்டாதவருக்கு ஓட்டு கிடையாது, ஓராண்டு பாக்கி வைத்தவரைச் செயலவை நீக்கலாம், பொருளாளர் கையில் 200 ரிங்கிட்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, சந்தாத் தொகையைப் பொதுக்கூட்டம் மாற்றலாம். எல்லாம் ஒரே மூச்சில்.

முதலில் எதையும் திருத்தாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தாளில் வெட்டி ஒட்டுங்கள். இரண்டு வேலை செய்கிற வாக்கியத்தை இரண்டு தாளாக்குங்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் ஒரே கேள்வி: இதை யார் தேடுவார்கள், எப்போது தேடுவார்கள்? பத்தி 14 ஐந்து துண்டானது. சந்தாத் தொகையும் அதை யார் மாற்றலாம் என்பதும் நிதி ஆதாரப் பிரிவுக்குப் போயின. ஓட்டு இல்லை என்பது உறுப்பினர் உரிமைக்கு. நீக்கம், உறுப்பியம் முடிவடையும் பிரிவுக்கு. 200 ரிங்கிட் வரம்பு பணம் கையாளும் பிரிவுக்கு.

தாள்களை அடுக்கும்போதுதான் ஓட்டைகள் தெரிய வரும். ஓராண்டு பாக்கி வைத்தவரை நீக்கலாம் என்றிருந்ததே தவிர, அதற்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பாக்கி எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதும் இல்லை. பத்தியாகப் படித்தபோது இருபது வருடமாக யாருக்கும் கண்ணில் படவில்லை.

வரிசையை நாமே தீர்மானிக்கலாமா? எனக்குச் செயலவையை முதலில் வைக்கத்தான் பிடிக்கும், வேலை செய்வது அவர்கள்தானே. (பாயான் பாரு)

மனசுக்குப் பிடித்த வரிசை வேண்டாம், அண்ணே. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில், விதிகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சங்கப் பதிவிலாகாவின் மாதிரிப் பெர்லெம்பாகானும், அதாவது மாதிரி விதியும், அந்தப் போக்கில்தான் போகிறது: பெயர், முகவரி, நோக்கம், உறுப்பியம், நிதி, பொதுக்கூட்டம், செயலவை, பொறுப்பாளர் கடமை, கணக்கு, கணக்காய்வாளர், பிறகு திருத்தமும் கலைப்பும். அதிகாரி அந்தக் கண்ணோடுதான் உங்கள் பிரதியைப் படிப்பார். தேடியது தேடின இடத்தில் இல்லையென்றால் கேள்விக் கடிதம் வரும்.

அதில் நியாயமும் இருக்கிறது. செயலவையைத் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்தில் ஓட்டுப் போடுவது உறுப்பினர். அதனால் உறுப்பினர் யார் என்று சொல்லாமல் கூட்டத்தைப் பற்றியும், கூட்டத்தைச் சொல்லாமல் செயலவையைப் பற்றியும் எழுதினால், ஒவ்வொரு வரிக்கும் பின்னால் போய் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு மூன்று முறை திருத்தம் நடந்து, ஒவ்வொன்றும் தனித்தாளாகப் பின்னடிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் '9-ஆவது பத்திக்குப் பதிலாக' என்று இருக்கிறது. ஆனால் எந்த 9? முன்பே ஒரு முறை எண் மாறியிருக்கிறதே! போன கூட்டத்தில் இதனால் தலைவருக்கும் எனக்கும் கைகலப்பு வராத குறை. (செந்தூல்)

அந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை. ஆனால் நோய் எனக்குத் தெரியும். பழைய எண்ணை மட்டும் சுட்டி எழுதிய திருத்தம், எண் மாறியதும் அநாதையாகிவிடும்.

உங்கள் முதல் வேலை மறு எழுத்து அல்ல. பதிவிலாகா கடைசியாக அங்கீகரித்த பிரதி எது என்று கண்டுபிடிப்பது. அலமாரியில் இருப்பது வேறாக இருக்கலாம். கூட்டத்தில் நிறைவேற்றிவிட்டு அனுப்ப மறந்த திருத்தம் என்றால் அது விதியே இல்லை. அங்கீகாரக் கடிதத்தைத் தேடுங்கள். கடிதம் இல்லாத பின்னடித்த தாளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் இடப் பக்கம் பழைய எண், வலப் பக்கம் புதிய எண் என்று ஓர் ஒப்பீட்டு அட்டவணை போடுங்கள். எங்களுடையதில் ஒரு வரி: 'பழைய 14 → புதிய 4.3, 5.1, 6.1, 6.2, 10.4'. இடப் பக்கம் ஓர் எண்கூட விடுபடக் கூடாது. நீக்கப்பட்டதற்கும் 'நீக்கம்' என்று ஒரு வரி வேண்டும். வலப் பக்கம் பழைய எண் இல்லாத வரி இருந்தால் அது புதுச் சரக்கு. அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். ஏன் என்று கீழே இன்னொருவருக்குச் சொல்கிறேன்.

விதிக்குள் 'பத்தி 11இல் சொன்னபடி' என்று வருகிற இடங்களை எப்படிப் பிடிப்பது? (பட்டர்வொர்த்)

எழுதும்போது எண்ணே போடாதீர்கள். '[சந்தா]', '[கோரம்]' என்று பெயரை அடைப்புக்குள் போட்டுவிட்டு, கடைசியில் எண்ணாக மாற்றுங்கள். Word-இல் Cross-reference வசதி தெரிந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் எல்லா எண்ணும் புதுப்பிக்கப்படும். எங்காவது 'Error! Reference source not found.' என்று வந்தால் அந்த இடத்தில் சுட்டிய பிரிவு காணாமல் போய்விட்டது என்று பொருள்.

எண் சரியாக இருந்தும் பொருள் தப்பாக இருக்கலாம். அதை எந்த மென்பொருளும் சொல்லாது. நாங்கள் செய்தது: ஒருவர் சுட்டலை வாசிப்பார், மற்றவர் சுட்டப்பட்ட இடத்தைத் திறந்து சத்தமாகப் படிப்பார். ஒரு மாலையில் நாலு பிழை பிடித்தோம்.

சட்டவிதி திருத்தம் பொதுக்கூட்டத்தில் பாஸானால் அன்று இரவே அமலுக்கு வந்துவிடும். பொதுக்கூட்டத்துக்கு மேல் அதிகாரம் யாருக்கும் கிடையாது. சரிதானே? (ஆயர் ஈத்தாம்)

பாதி சரி. சங்கத்துக்குள் உச்ச அதிகாரம் பொதுக்கூட்டம்தான். ஆனால் திருத்தம் பதிவிலாகா அங்கீகரித்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். கூட்ட முடிவுத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இடையில் அடுத்த கூட்டம் வந்தால் பழைய விதிப்படிதான் நடத்த வேண்டும்.

திருத்தப் பிரிவை எழுதும்போது இதையும் சேர்த்து நான்கு உட்பிரிவாகப் பிரித்தோம்:

16.1 பொதுக்கூட்டத் தீர்மானத்தால் மட்டுமே இவ்விதிகளைத் திருத்தலாம்.
16.2 திருத்தத்தின் முழு வாசகமும் கூட்ட அறிவிப்புடன் உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட வேண்டும்.
16.3 கூட்டத்தில் வந்திருந்து ஓட்டளிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும்.
16.4 முடிவுத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் பதிவதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கீகரித்த நாள் முதலே திருத்தம் செல்லும்.

16.3-ஐப் பாருங்கள். பழைய விதியில் 'மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள்' என்று மட்டும் இருந்தது. எங்களுக்கு அப்போது 96 உறுப்பினர்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு என்றால் 64 பேர் வர வேண்டும். தீபாவளி விருந்துக்கே அத்தனை பேர் வரவில்லை. வந்தவர்களில் என்றால், 22 பேர் வந்து எல்லோரும் ஓட்டளித்தால் 15 போதும். எத்தனை பங்கு என்பதோடு எதில் பங்கு என்பதையும் எழுதாவிட்டால், அந்த விதியை இனி திருத்தவே முடியாமல் போகலாம்.

அக்கா, நான் கணக்காய்வாளராக நாலைந்து சங்கங்களைப் பார்த்தவன். கோரத்தை விட்டுவிட்டீர்கள். மாதிரி விதியில் ஒத்திவைத்த கூட்டத்துக்கு ஒரு தடை இருக்கிறது. (ஜார்ஜ்டவுன்)

நல்ல வேளை, சொன்னீர்கள். மேலே 22 என்று நான் போட்டதற்கும் அதுதான் அடிப்படை, விளக்காமல் விட்டது என் தவறு. கோரம் என்பது கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்; மாதிரி விதிப்படி அது ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதி, அல்லது செயலவையின் இரட்டிப்பு, இரண்டில் எது குறைவோ அது. எங்கள் செயலவை 11 பேர், இரட்டிப்பு 22. பாதி 48. ஆகவே 22.

அரை மணி நேரத்தில் கோரம் சேராவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்த கூட்டத்திலும் கோரம் சேராவிட்டால் வந்தவர்களை வைத்தே நடத்தலாம், ஆனால் சட்டவிதியைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. நாங்கள் முதல் முறை இதில்தான் விழுந்தோம். 19 பேர் வந்தார்கள், ஒத்திவைத்தோம், அடுத்த வாரமும் கோரம் சேராமலே உற்சாகமாக நிறைவேற்றினோம், எல்லாம் வீண். இந்தத் தடை கோரப் பிரிவில் இருக்கிறது, திருத்தப் பிரிவைப் படிக்கிறவர் கண்ணில் படாது. அதனால் 16.1-இல் கோரப் பிரிவைச் சுட்டி ஒரு வரி சேர்த்தோம்.

எங்கள் கொண்டோவில் நாய் வளர்க்கத் தடை போடும் விதியை எந்தப் பிரிவில் சேர்ப்பது? (தஞ்சோங் தோக்கோங்)

உங்கள் கேள்வி வேறு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது. கொண்டோவின் நிர்வாகக் கழகத்துக்கு 2013-ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம். அங்கே துணைவிதிகள் ஒழுங்குமுறையிலேயே இருக்கின்றன, நீங்கள் கூடுதலாகச் சேர்ப்பதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். சங்கப் பதிவிலாகாவுக்கு அதில் வேலை இல்லை. உங்கள் கட்டடத்தில் கழகமும் தனியாகப் பதிவான சங்கமும் இரண்டும் இருந்தால், இரண்டு ஆவணங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண் மாற்றத்தோடு சந்தாவையும் 24-இலிருந்து 36 ஆக்கிவிடலாம் என்று இருக்கிறோம். ஒரே தீர்மானமாகப் போடலாமா? (செபராங் ஜெயா)

கூடாது. முன்னே 'புதுச் சரக்கைத் தனியாக வையுங்கள்' என்றேனே, இதற்குத்தான். பன்னிரண்டு ரிங்கிட்டுக்காகக் கோபப்பட்டவர்கள் மொத்த மறு எழுத்தையும் தோற்கடித்துவிடுவார்கள். முதல் தீர்மானம்: பொருள் மாறாமல் வரிசையும் எண்ணும் மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு பொருள் மாற்றத்துக்கும் ஒரு தீர்மானம், புதிய எண்ணைச் சுட்டி. சந்தா தோற்றாலும் ஒழுங்கு தங்கும். எங்களுக்கு முதலாவது எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது, சந்தா தோற்றது.

வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா என்பது பழைய விதியில் மௌனம். அதை 'வரிசை மாற்றம்' என்ற பெயரில் நைசாக எழுதிவிடலாம் என்று ஒரு செயலவை நண்பர் சொன்னார், நான் மறுத்தேன். தனித் தீர்மானமாக வைத்தோம், இரு பக்கமும் சமமாக வந்து நின்றது. இன்றைக்கும் அந்த இடம் மௌனமாகத்தான் இருக்கிறது.

பெரியவர்களுக்காகத் தமிழில் ஒரு பிரதி போடலாமா? (பிறை)

போடுங்கள், நாங்களும் போட்டோம். பதிவிலாகா அங்கீகரித்தது எங்கள் மலாய்ப் பிரதியைத்தான், அதனால் முதல் பக்கத்திலேயே 'வேறுபாடு வந்தால் மலாய்ப் பிரதியே செல்லும்' என்று அச்சடித்தோம். எண்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். தமிழில் வாக்கியம் நீளமாகிறது என்று 6.2-ஐ இரண்டாகப் பிரித்து 6.3 போட்டுவிட்டால், கூட்டத்தில் ஆளுக்கொரு 6.3 பேசுவார்கள்.