பாய்சான் பரவலும் லண்டனில் விழுந்த 537 குண்டுகளும்

கேள்வி: ஈருறுப்புப் பரவலில் n ரொம்பப் பெரிதாகி p ரொம்பச் சின்னதானால் பாய்சான் பரவல் வரும் என்று படித்தேன். நிரூபணம் புரிகிறது. ஆனால் நிஜத்தில் n முடிவிலி ஆவதில்லை, எல்லா முயற்சிக்கும் ஒரே p-யும் இருக்காது. அப்புறம் எப்படிப் பொருந்துகிறது?

பதில்:

n, p இரண்டும் கையில் இருக்கிற ஒரு தரவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகிவிடும். பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கைத்தான் (போர்ட்கிவிச், 1898) எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரு வீரர் வருடத்தில் எத்தனை முறை குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் போனார் என்பது யாருக்கும் தெரியாது; அங்கே n வெறும் கற்பனை. அதனால் நான் வகுப்பில் எடுப்பது லண்டன் கணக்கு.

1944 ஜூனிலிருந்து ஜெர்மனி லண்டன் மீது வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியது. சில இடங்களில் மட்டும் குண்டுகள் கொத்துக்கொத்தாக விழுகின்றன என்று மக்கள் நம்பினார்கள். அப்படியானால் அவற்றைக் குறிவைத்து அனுப்ப முடிகிறது என்று ஆகிவிடும். இதைச் சோதித்தவர் ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர். தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை எடுத்து, கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்தார். அந்தப் பகுதியில் விழுந்தவை 537 குண்டுகள். 1946-இல் ஒரே பக்க அளவுக் குறிப்பாக இதை வெளியிட்டார்.

இப்போது ஒரே ஒரு கட்டத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு குண்டும் ஒரு முயற்சி, ஆக n = 537. குறி இல்லாமல் விழுந்தால் அது இந்தக் கட்டத்துக்குள் விழ நிகழ்தகவு p = 1/576. சராசரி λ = np = 537/576 = 0.9323. இது அசல் ஈருறுப்புப் பரவல், எந்த எல்லையும் எடுக்கவில்லை. குண்டே விழாமலிருக்க நிகழ்தகவு (575/576)^537 = 0.3933. பாய்சான் சொல்வது e^(−0.9323) = 0.3937. 576 கட்டங்களுக்குப் பெருக்கினால் முதலாவது 226.6 கட்டங்கள், இரண்டாவது 226.7 கட்டங்கள். 537 முடிவிலி இல்லைதான். ஆனால் அதை முடிவிலி என்று வைத்துக்கொண்டதால் வந்த பிழை ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

மீதி எண்ணிக்கைகளுக்கு நான் தொடர்பெருக்கத்தைத் தொடவே மாட்டேன். ஈருறுப்புப் பரவலில் k-இலிருந்து k+1-க்குப் போக (n−k)/(k+1) × p/(1−p) ஆல் பெருக்க வேண்டும். k சின்னதாக இருக்கும்வரை n−k கிட்டத்தட்ட n, 1−p கிட்டத்தட்ட 1. ஆகவே பெருக்க வேண்டியது λ/(k+1) மட்டும். n-உம் p-உம் தனித்தனியாகக் காணாமல் போய் அவற்றின் பெருக்கல் மட்டும் மிஞ்சும் இடம் இதுதான். 226.74-ஐ 0.9323-ஆல் பெருக்கினால் 211.39. அதை 0.9323/2-ஆல் பெருக்கினால் 98.54. அடுத்து 0.9323/3. இப்படியே போகலாம்.

| குண்டுகள் | பாய்சான் கணக்கு | கிளார்க் எண்ணியது |
|---|---|---|
| 0 | 226.74 | 229 |
| 1 | 211.39 | 211 |
| 2 | 98.54 | 93 |
| 3 | 30.62 | 35 |
| 4 | 7.14 | 7 |
| 5-உம் மேலும் | 1.57 | 1 |

முதன்முதலில் இதைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று, 211-க்குப் பக்கத்தில் 211 வந்து நின்றதை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மக்கள் பார்த்த கொத்துகள் பொய்யில்லை. குறியே இல்லாமல் விழுந்தாலும் முப்பது கட்டங்களில் ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு விழத்தான் செய்யும்.

சரி, n விஷயம் முடிந்தது. உங்கள் இரண்டாவது சந்தேகம் இன்னும் ஆழமானது. எல்லாக் குண்டுக்கும் ஒரே p எப்படி இருக்கும்? காற்று மாறும், ஏவுதளம் மாறும், இயந்திரம் மாறும். இதற்கு 1960-இல் லூசியன் லெ காம் என்ற புள்ளியியலாளர் நல்ல பதில் தந்தார். முயற்சிகள் ஒன்றையொன்று பாதிக்காமல் இருந்தால் போதும், p-க்கள் வேறுவேறாக இருக்கலாம். அவற்றின் கூட்டல்தான் λ. எந்த நிகழ்ச்சியின் நிகழ்தகவை எடுத்தாலும் பாய்சான் தரும் பிழை p-க்களின் வர்க்கங்களின் கூட்டலைத் தாண்டாது. நம் கணக்கில் அது 537/576², அதாவது 0.0016.

இந்த வரம்பு இன்னொன்றையும் காட்டுகிறது. p சின்னதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். n பெரிதாக இருப்பது மட்டும் போதாது. n = 10, p = 0.3 என்றால் பூஜ்யத்துக்கு ஈருறுப்புப் பரவல் தருவது 0.028, பாய்சான் தருவது 0.050, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. p-ஐ 0.3-லேயே வைத்து n-ஐப் பத்தாயிரம் ஆக்கினாலும் சரியாகாது. ஈருறுப்புப் பரவலின் பரவற்படி np(1−p) சராசரியில் 70 சதவீதமாகவே நிற்கும். பாய்சானில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும்.

குண்டுக்குக் குண்டு p மாறினால் பரவாயில்லை. கட்டத்துக்குக் கட்டம் λ மாறினால்தான் எல்லாம் கெட்டுப்போகும். மாணவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பாதிக் கட்டங்களுக்கு λ = 1.6, மீதிக்கு 0.26 என்று வையுங்கள். மொத்தச் சராசரி அதே 0.93. ஆனால் வெற்றுக் கட்டங்கள் முதல் பாதியில் 58, இரண்டாவதில் 222, மொத்தம் 280. 227-ஐ எதிர்பார்த்த இடத்தில் 280! வெற்றுக் கட்டங்களும் கூடும், நிறையக் குண்டு விழுந்த கட்டங்களும் கூடும், நடுவில் இளைத்துவிடும். கிளார்க் லண்டன் முழுவதையும் எடுக்காமல், குண்டுகளின் அடர்த்தி ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த பகுதியை மட்டும் எடுத்தது இதனால்தான்.

உங்கள் தரவில் இதைக் கண்டுபிடிக்கப் பரவற்படியைச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கிளார்க்கின் எண்களில் 5-க்கு மேலே இருந்த அந்த ஒரே கட்டத்தில் விழுந்தவை 7 குண்டுகள். அதையும் சேர்த்தால் வர்க்கங்களின் கூட்டல் 1059, பரவற்படி 0.97, சராசரி 0.93. விகிதம் 1.04, கவலைப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்ன கலவையில் அது ஒன்றரை மடங்கு ஆகிவிடும். விரிதாளில் ஈருறுப்பையும் பாய்சானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க:

```
=BINOM.DIST(3, 537, 1/576, FALSE)
=POISSON.DIST(3, 537/576, FALSE)
```

இன்னொரு எச்சரிக்கை. வி-1 ஒவ்வொன்றும் தனியாக ஏவப்பட்டது. விமானம் வரிசையாகக் குண்டுகளைக் கொட்டிக்கொண்டே போயிருந்தால், ஒன்று விழுந்த கட்டத்திலேயே அடுத்ததும் விழ வாய்ப்பு கூடும். p எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாய்சான் வராது. அப்போது குண்டுகளை விட்டுவிட்டு, விமானம் குண்டு கொட்டிய ஒவ்வொரு தடவையையும் ஒரு முயற்சியாக எண்ண வேண்டும்.