பழத்தை நிறுத்தினீர்கள், ஜூஸை ஏன் விட்டுவைத்தீர்கள்?

"டாக்டர், எனக்கு 44 வயது. போன வருடம் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 வந்தது. பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பழத்தையே நிறுத்திவிட்டேன். சர்க்கரை சேர்க்காத ஆரஞ்சு ஜூஸ் மட்டும்தான். இரண்டு மாதமாகத் தாகம் அதிகம், அதனால் தினமும் மூன்று டம்ளர் ஆகிவிடுகிறது. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். நாலு கிலோ எடை குறைந்திருக்கிறது, அது நல்லதுதானே? மனைவியின் சர்க்கரை மாத்திரையில் பாதி போட்டுப் பார்த்தேன். வெறும் வயிற்றில் ஆரஞ்சு குடித்தால் அல்சர் வருமா?"

எடை குறைந்தது நல்லதில்லை. நீங்கள் எந்த முயற்சியும் எடுக்காமல் நாலு கிலோ போயிருக்கிறது, கூடவே தாகம், இரவில் சிறுநீர். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் வேறு எதையும் யோசிப்பதற்கு முன்பு ரத்தச் சர்க்கரையைத்தான் பார்ப்பேன். இன்றே போய்ப் பாருங்கள். வெறும் வயிற்றோடு காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அறிகுறிகள் இருக்கும்போது எந்த நேரத்தில் எடுத்தாலும் 200ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டியதும் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க முடியாது, சிறுநீரில் விட்டுவிடும். அது போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தாகம். அந்தத் தாகத்துக்கு நீங்கள் குடிப்பது ஜூஸ், அதாவது இன்னும் சர்க்கரை. பிரச்சினை அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, கணக்கைப் பாருங்கள். நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் சர்க்கரை சுமார் 12 கிராம், நார்ச்சத்து 3 கிராம். 240 மில்லி டம்ளர் ஜூஸில் சர்க்கரை சுமார் 21 கிராம், நார்ச்சத்து அரை கிராம். பழத்தில் ஒரு கிராம் நாருக்கு 4 கிராம் சர்க்கரை வருகிறது, ஜூஸில் 42 வருகிறது. அந்த ஒரு டம்ளருக்கு மூன்று பழமாவது பிழிய வேண்டியிருக்கும். மூன்று ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாக மென்று சாப்பிட்டால் இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றிவிடும்; ஜூஸாக ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. பிழிந்த பிறகு வடிகட்டியில் தங்கும் சக்கையைப் பார்த்திருப்பீர்களே, சுளையின் தோலும் வெள்ளை நாரும், அதுதான் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும்படி பார்த்துக்கொள்வது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறீர்கள். உங்கள் மூன்று டம்ளரில் 63 கிராம், அதாவது 15 டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை. 'சர்க்கரை சேர்க்காதது' என்பது உண்மைதான், ஆனால் அது பழத்தின் சர்க்கரையா, டப்பாவில் இருந்த சர்க்கரையா என்று ரத்தம் பார்ப்பதில்லை.

ஜூஸ் எவ்வளவு வேகமானது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், நாங்கள் உடனே குடிக்கச் சொல்வது அரை டம்ளர் பழ ஜூஸ். 15 நிமிடத்தில் ஏறிவிடும் என்பதால்தான் அது. அப்போது முழுப் பழத்தைக் கொடுக்க மாட்டோம், தாமதமாகும். அந்த அவசர மருந்தைத்தான் நீங்கள் ஆறு மடங்கு, தினமும், சர்க்கரை ஏறியிருக்கும்போது குடிக்கிறீர்கள்.

வடிகட்டாமல் மிக்ஸியில் அடித்தால் நார் தங்கும், பரவாயில்லை, ஆனால் ஒரே டம்ளரில் மூன்று பழம் போடுவீர்கள், அளவு குறையாது.

மனைவியின் மாத்திரையை இனி தொடாதீர்கள். அது எந்த மாத்திரை, உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் பாதி போட்டுப் பார்ப்பது சோதனை இல்லை, ஆபத்து. சில வகை மாத்திரைகள் சர்க்கரையை மயக்கம் வரும் அளவுக்கு இறக்கிவிடும். பரிசோதிக்கும் மருத்துவரிடம் எப்போது போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃப்ரக்டோஸ் பயத்தை விடுங்கள். முழுப் பழத்தில் வரும் அளவுக்குக் கல்லீரல் கெடாது. ஆரஞ்சால் அல்சர் வராது, புளிப்பு நெஞ்செரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான்.

பரிசோதனைக்குப் போகும்வரை தாகத்துக்கு வெறும் தண்ணீர். இடையில் வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு வாங்குவது, அரைத் தூக்கமாக இருப்பது, இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரவானாலும் சரி. முடிவு கையில் வந்து மருத்துவர் சரி என்றதும் ஒரு நாளைக்கு ஒரு பழத்தில் ஆரம்பிக்கலாம், உரித்து, மென்று.