ஒட்டிய கால அட்டவணையில் காணாமற்போகும் காலிக் கட்டங்கள்: கேள்வி பதில்

சென்னை கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டி நேரங்களை பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன். இடைவெளியை வைத்துப் பிரித்தால் "தாம்பரம் சானடோரியம்" இரண்டு கட்டங்களாக உடைகிறது.

பெயரில் இடைவெளி இருக்கக்கூடும் என்பதால், முதல் நேரம் தொடங்கும் இடம் வரை உள்ளதைப் பெயர் என்று கொள்ளுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது போதும்:

```
=REGEXEXTRACT(A2,"^(.*?)\s+\d\d:\d\d")
```

நேரங்களை SPLIT கொண்டு பிரித்துவிட்டேன். வண்டி நிற்காத நிலையங்களில் எண்ணிக்கை குறைகிறது. குறையும் கட்டத்தை வரியின் கடைசியில் காலியாக விட்டால் சரிதானே?

எண்ணிக்கை குறைவதை நீங்கள் கவனித்தது சரி. ஆனால் காலி இடம் கடைசியில்தான் இருந்தது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எடுத்துக்காட்டுக்காக நான் இட்ட நேரங்களைப் பாருங்கள்:

```
கடற்கரை 18:05 18:12 18:20
எழும்பூர் 18:16 18:23 18:31
சேத்துப்பட்டு 18:19 18:34
மாம்பலம் 18:25 18:30 18:40
```

உங்கள் வழியில் 18:34 இரண்டாம் வண்டிக்குப் போகிறது. அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால் 18:12, 18:23, 18:34, 18:30 என்று வருகிறது. சேத்துப்பட்டை விட்டு 18:34க்குப் புறப்பட்ட வண்டி மாம்பலத்தை விட்டு 18:30க்குப் புறப்பட முடியாது. ஆகவே அந்த நேரம் மூன்றாம் வண்டிக்குரியது. இரண்டாம் வண்டி சேத்துப்பட்டில் நிற்கவில்லை. ஒவ்வொரு நெடுவரிசையிலும் நேரம் ஏறுமுகமாக இருக்கிறதா என்று பார்ப்பதே நான் மிகவும் நம்பும் சோதனை.

அந்தச் சோதனையில் இரவின் கடைசி வண்டி முழுவதும் தவறாகத் தெரிகிறதே?

23:52க்குப் பின் 00:03 வருவதால் அப்படித் தெரிகிறது. நள்ளிரவைத் தாண்டிய நேரங்களுடன் 24 மணியைக் கூட்டி 24:03 என்று வையுங்கள், பொதுப் போக்குவரத்து நேரங்களைப் பகிரப் பயன்படும் ஜி.டி.எஃப்.எஸ். கோப்புகளிலும் இதுவே வழக்கம். கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று அமைத்தால் அது அப்படியே தெரியும்.

எங்கள் ஊர்ப் பேருந்துத் தாளில் புறப்படும் நிலையத்தின் நேரங்கள் மட்டுமே உள்ளன. இடை நிறுத்தங்களுக்கு எப்படி நிரப்புவது?

அந்தத் தாளிலிருந்து ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். தூரத்தைக் கொண்டு கணித்த நேரத்தை அட்டவணையில் எழுதினால், படிப்பவர் அதை அறிவிக்கப்பட்ட நேரமென்றே எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வருவார். ஆகவே அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடுங்கள்.

அடுத்தடுத்து வரும் இரண்டு வண்டிகளில் எதற்கு வைத்தாலும் ஏறுமுகமாகவே இருந்தால்?

அப்போது ஒட்டிய உரையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. மூலத் தாளில் அந்த எண் எந்த நெடுவரிசையின் கீழ் நிற்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். கோப்பு கையில் இருந்தால், இடைவெளிகளைச் சுருக்காமல் எடுக்க இந்தக் கட்டளை உதவும்:

```
pdftotext -layout neram.pdf
```

படமாக வருடப்பட்ட கோப்பில் இது எதையும் தராது. அங்கே கண்ணால் பார்த்து, நிற்காத ஒவ்வொரு இடத்திலும் கையால் ஒரு கோடிட்டு வருவதைத் தவிர நம்பகமான வழியை நான் இதுவரை காணவில்லை.